மாஸ்க் ஏன் பதினோரு மணிக்குக் கழுத்துக்கு இறங்குது?

இன்டர்ன்ஷிப்புக்கு சைட்டுக்குப் போனா முதல் நாளே நமக்கு ஒரு ஹெல்மெட் கொடுப்பாங்க. மேல இருந்து செங்கல் விழுந்தா தலை உடையும்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், அதனால அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. தூசிக்கு அந்த மரியாதை கிடையாது. கொத்தனார் துண்டை மூக்கைச் சுத்திக் கட்டியிருப்பார், எலெக்ட்ரீஷியன் ஒரு நீல சர்ஜிகல் மாஸ்க் போட்டிருப்பார், சித்தாளுக்கு முந்தானைதான். காலைல எட்டரைக்கு மூக்குல இருக்கிற இதெல்லாம் பதினோரு மணிக்குக் கழுத்துல தொங்கும். "இவங்களுக்கு அக்கறையே இல்ல" அப்படின்னு சூப்பர்வைசர் சொல்லுவார். அது அக்கறைப் பிரச்சினை இல்ல, வெயில் பிரச்சினை. மாஸ்க், நிழல், தண்ணி இந்த மூணையும் தனித்தனி செலவா எழுதுற வரைக்கும் மூணுமே வேலை செய்யாது.

முதல்ல தூசியப் பார்ப்போம். சிமெண்ட் மூட்டையைப் பிரிச்சுக் கொட்டும்போது எழும்புற சாம்பல் மேகம்தான் பெரிய ஆபத்துன்னு நிறைய பேர் நினைக்கிறோம். சிமெண்ட் நல்லது இல்லதான். காரத்தன்மை இருக்கறதால கையையும் கண்ணையும் புண்ணாக்கும். ஆனா நுரையீரலைக் கெட்டியாக்குற படிக சிலிகா, அதாவது குவார்ட்ஸ், சிமெண்ட்ல ரொம்பக் கம்மி. அது இருக்கிறது மணல்ல, எம்-சாண்ட்ல, ஜல்லியில, கிரானைட்ல, செங்கல்ல. இவை சும்மா கிடக்கும்போது ஒண்ணும் செய்யாது. ஆத்து மணல்ல உருண்டு விளையாடின எத்தனையோ குழந்தைகளுக்கு ஒண்ணும் ஆகல. அதையே வேகமா சுத்துற பிளேடால அறுத்து, அரைச்சு, மைக்ரான் அளவுக்குக் கொண்டு வரும்போதுதான் அது வேற பொருள் ஆகுது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்னா, நம்ம மூக்கும் தொண்டையும் பெரிய துகளைப் பிடிச்சுடும். சளியில ஒட்டி வெளிய வந்துடும். சுமார் 4 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறதுதான் நுரையீரலோட கடைசிக் காற்றறை வரைக்கும் போகுது. அங்க அதை விழுங்க வர்ற செல்கள் குவார்ட்ஸை ஜீரணிக்க முடியாம செத்துப்போகுது, அந்த இடத்துல தழும்பு விழுது. தழும்பு சேரச் சேர நுரையீரல் விரிய மறுக்கும். இதுதான் சிலிகோசிஸ். தழும்பை எடுக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது வளரலாம். கூடவே டிபி வர்ற வாய்ப்பையும் அதிகமாக்கும். இருமல், மூச்சுத் திணறல், எடை குறையறதுன்னு வர்றதால பலருக்கு வெறும் டிபின்னு மட்டும் வைத்தியம் நடக்குது. டாக்டர்கிட்ட "நான் பத்து வருஷமா கல்லு அறுக்கிறேன்"னு ஒரு வரி சொன்னா எக்ஸ்ரேயைப் பார்க்கிற விதமே மாறும். அந்த வரியை யாரும் கேட்கறதும் இல்ல, சொல்றதும் இல்ல.

செகண்ட் இயர்ல ஸ்டோக்ஸ் விதி படிச்சோமே, அதை இங்க எடுத்துப் போட்டுப் பாருங்க.

v = ρgd² / 18μ

குவார்ட்ஸோட அடர்த்தி 2650 கிலோ/கன மீட்டர், காற்றோட பாகுநிலை 1.8 × 10⁻⁵. 2 மைக்ரான் துகளுக்கு வேகம் நொடிக்கு சுமார் 0.3 மில்லிமீட்டர் வருது. மூக்கு உயரம் ஒண்ணரை மீட்டர்னு வச்சா, காத்தே அசையாத அறையில அது தரைக்கு வர ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும். அதே தூசியில இருக்கிற 100 மைக்ரான் துகள் ரெண்டு மூணு நொடியில கீழ விழுந்துடும். விட்டம் ஸ்கொயர்ல இருக்கறதோட விளைவு இது. நம்ம கண்ணுக்குத் தெரியிற புகை மூட்டம் முழுக்க பெரிய துகள். அது அடங்கினதும் "தூசி போச்சு"ன்னு சொல்லி மாஸ்க்கைக் கழட்டுறோம். உண்மையில அந்த நேரத்துல காத்துல மிச்சம் இருக்கிறது உள்ள போகக்கூடிய தூசி மட்டும்தான்.

நான் இன்டர்ன்ஷிப் பார்த்தது திருச்சிப் பக்கம் ஒரு மூணு மாடி வீடு. மே மாசம், தினம் பன்னெண்டு பேர் வேலை. அங்க ரெண்டாவது மாடியில பூச்சு வேலை முடிஞ்ச அறையில எலெக்ட்ரீஷியன் ஒருத்தர் பைப் பதிக்க சுவத்துல காடி எடுத்துக்கிட்டு இருந்தார். கையில ஆங்கிள் கிரைண்டர், தண்ணி கிடையாது, ஜன்னல்ல தூசி வெளிய போகக் கூடாதுன்னு சாக்கு கட்டியிருந்தாங்க (பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததால). அறை 3.5 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 3 மீட்டர். அதாவது 31.5 கன மீட்டர் காத்து.

கணக்கு போடுவோம். காடிக்கு ரெண்டு பக்கமும் கோடு அறுத்துட்டு நடுவுல இருக்கிறதை உளியால தட்டி எடுப்பாங்க. ஒவ்வொரு கோடும் 3 மி.மீ அகலம், 25 மி.மீ ஆழம். ஒரு மீட்டர் நீளத்துக்கு ரெண்டு கோடும் சேர்ந்து 0.00015 கன மீட்டர் சுவர் பொடியாகுது. செங்கலும் பூச்சும் கலந்த அடர்த்தியை 1800-ன்னு வச்சா 270 கிராம். அதுல அஞ்சுல ஒரு பங்கு குவார்ட்ஸ்னு வைப்போம், 54 கிராம்.

இப்ப வரம்பு என்னன்னு பாருங்க. அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016-ல கொண்டு வந்த விதிப்படி, எட்டு மணி நேர சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 50 மைக்ரோகிராம் சிலிகா. நம்ம 31.5 கன மீட்டர் அறைக்கு அது மொத்தமே 1.6 மில்லிகிராம். 54 கிராம் குவார்ட்ஸ்ல முப்பத்து நாலாயிரத்துல ஒரு பங்கு நுண்ணிய தூசியா மிதந்தாலே அந்த அறை வரம்பைத் தொட்டுடும். இது ஒரு மீட்டர் காடிக்கு. அன்னைக்கு அந்த அறையில எட்டு, பத்து மீட்டர் இருந்திருக்கும்.

ஆயிரத்துல ஒரு பங்கு மிதக்குதுன்னு எடுத்துக்குவோம். இது நான் வச்ச ஊகம்தான், அளந்தது இல்ல. அப்போ 54 மில்லிகிராம், கன மீட்டருக்கு 1700 மைக்ரோகிராம். வரம்பைப் போல 34 மடங்கு. இப்ப அவருக்கு நல்ல என்95 மாஸ்க் சரியா போட்டு விடுறோம். என்95 வடிகட்டித் துணி 95 சதவீதம் பிடிக்கும்னு பேரு, ஆனா முகத்துல மாட்டினா ஓரத்துல கசியும். அதனால இந்த வகை அரை முக மாஸ்க் உள்ள போற தூசியைப் பத்துல ஒண்ணா குறைக்கும்னுதான் கணக்குல எடுக்கணும். 1700 போய் 170 ஆச்சு. இன்னும் மூணு மடங்குக்கு மேல. அதாவது மாஸ்க் மட்டும் போட்டு மூடின அறையில காஞ்ச சுவத்தை அறுத்தா, மாஸ்க் தோத்துடும். மொதல்ல தூசி பிறக்கிற இடத்துலயே பத்துல ஒண்ணா குறைச்சுட்டு அப்புறம் மாஸ்க் போட்டாதான் 17-க்கு வரும். மாஸ்க்குக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அதை எப்படிச் செய்யறது? கல், டைல், பேவர் பிளாக் அறுக்கிறதா இருந்தா தண்ணி. பிளேடு கல்லைத் தொடுற இடத்துல நிமிஷத்துக்கு அரை லிட்டர் தண்ணி விழணும். நம்ம ஊர்ல ஒருத்தர் அறுக்க, இன்னொருத்தர் மூடியில ஓட்டை போட்ட வாட்டர் பாட்டிலை அமுக்கிப் பீச்சிக்கிட்டு இருப்பார். ஐடியா சரிதான், ஆனா அரை லிட்டர் பாட்டில் ஒரு நிமிஷத்துல காலியாகணும், அங்க பத்து நிமிஷம் வரும். வேலை செய்யுதான்னு பார்க்க மீட்டர் தேவையில்ல. பிளேடுக்குப் பின்னாடி சேறு தெறிச்சா சரி, வெள்ளையா புகை வந்தா தண்ணி பத்தல. மருந்து அடிக்கிற கைப் பம்ப்போட குழாயை மெஷின்ல கட்டி விட்டா ஆள் கிட்ட நிக்க வேண்டிய அவசியமும் இல்ல. ஒரு எச்சரிக்கை கட்டாயம் சொல்லணும். 230 வோல்ட் மெஷின்ல தண்ணி விடுறோம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைன்ல இதைச் செய்யவே கூடாது. வயரை மரக்குச்சியால சாக்கெட்டுல சொருகுற சைட்ல நுரையீரலைக் காப்பாத்தப் போய் உயிரை விட்டுடக் கூடாது.

சுவத்துல காடி எடுக்கிறதுக்குத் தண்ணி அவ்வளவு வசதி இல்ல. முன்னாடியே சுவத்தை நனைச்சு விடுறதுல கொஞ்சம் பிரயோஜனம் உண்டு, ஆனா நனையிறது மேல் பூச்சு மட்டும்தான், பிளேடு போறது 25 மி.மீ உள்ள. இதுக்கு இருக்கிற சரியான கருவி பிளேடைச் சுத்தி மூடி போட்டு வாக்குவம் இழுக்கிற வால் சேஸர். அது சின்ன காண்ட்ராக்டர்கிட்ட இருக்காது. ஆனா இன்னொரு வழி இருக்கு, அது நம்ம கையில இருக்கு. எலெக்ட்ரிக்கல் டிராயிங் கட்டு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கைக்கு வந்துட்டா, பைப்பைப் பூச்சுக்கு முன்னாடியே ஓட்டலாம். கட்டும்போதே செங்கல்ல இடம் விட்டுக் கட்டலாம். மிச்சம் மீதியை சுத்தியும் உளியும் வச்சு எடுக்கலாம். அதுல பெரிய துண்டு துண்டா விழும், நுண் தூசி கிரைண்டர் அளவுக்கு வராது. அந்த வீட்டுல காடி எடுத்ததுல பாதிக்கு மேல, வீட்டுக்காரர் ஏசி பாயிண்ட்டை இடம் மாத்தினதால வந்தது. டிராயிங்ல ஒரு கோடு லேட்டா மாறினா யாரோ ஒருத்தர் மூச்சுல அது போய் உக்காருது.

எலெக்ட்ரீஷியனாவது தூசியப் பார்த்துக்கிட்டு வேலை செய்யறார். அவர் போன பிறகு துடைப்பத்தோட வர்ற சித்தாளைப் பத்தி யாரும் யோசிக்கிறது இல்ல. டீ டைம்ல அறை காலியாகும், புகை அடங்கும், அவங்க வந்து காஞ்ச துடைப்பத்தால கூட்டுவாங்க. கீழ வந்து உக்காந்த கொஞ்ச நஞ்ச நுண் தூசியும் திரும்ப மேல எழும்பும். மாஸ்க் லிஸ்ட்ல அவங்க பேரு இருக்கவே இருக்காது, ஏன்னா அவங்க "அறுக்கிற ஆள்" இல்ல. இதுக்குச் செலவே கிடையாது: கூட்டுறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கணும், வாசல் தெளிக்கிற மாதிரி. ஈர மரத்தூள் தூவிக் கூட்டினா இன்னும் நல்லது. அவங்களுக்கும் அதே என்95. துணிமேல படிஞ்ச தூசியை ஏர் கம்ப்ரஸரால ஊதி விடுற பழக்கம் இருந்தா அதை நிறுத்தணும்.

மாஸ்க்கைப் பத்தி இப்ப சொல்லலாம். துண்டு, முந்தானை, சர்ஜிகல் மாஸ்க் மூணும் இந்தத் தூசிக்கு உதவாது. துணி இழைக்கு நடுவுல இருக்கிற இடைவெளி 2 மைக்ரானுக்கு அகலமான ரோடு. என்95, இல்லன்னா நம்ம நாட்டுத் தரமான ஐஎஸ் 9473 போட்ட எஃப்எஃப்பி2 வாங்கணும். காதுல மாட்டுறதை விட தலைக்குப் பின்னாடி ரெண்டு பட்டை வர்றதுதான் முகத்துல அழுத்தி உக்காரும்; ஒரு பட்டை உச்சந்தலைக்குப் பின்னாடி, இன்னொண்ணு காதுக்குக் கீழ கழுத்துல. மூக்குக் கம்பியை ரெண்டு கை விரலால அமுக்கணும். பிறகு ரெண்டு உள்ளங்கையாலயும் மாஸ்க்கை மூடிக்கிட்டு வேகமா மூச்சு விட்டுப் பாருங்க. கண்ணுல காத்து பட்டா மூக்குக் கிட்ட கசியுது. கன்னத்துல பட்டா பட்டை லூஸ். தாடி வச்சிருந்தா எவ்வளவு விலை மாஸ்க்கும் கசியும், அதை நேரா சொல்லித்தான் ஆகணும்.

கோவிட் சமயத்துல வால்வு வச்ச மாஸ்க் கூடாதுன்னு கேட்டது நம்ம மனசுல அப்படியே நின்னுடுச்சு. அது நம்ம மூச்சுல இருந்து அடுத்தவரைக் காப்பாத்த சொன்னது. இங்க நாம காப்பாத்த வேண்டியது போட்டிருக்கிறவரை. உள்ள இழுக்கும்போது வால்வு மூடிக்கும், விடும்போது திறந்து சூட்டையும் ஈரத்தையும் வெளிய தள்ளும். சைட்டுக்கு வால்வு மாஸ்க்தான் வாங்கணும். ஏன்னா மாஸ்க் தோக்கறதுக்கு முதல் காரணம் சூடு.

அந்தக் கொத்தனார்கிட்ட ஒரு நாள் கேட்டேன், "ஏண்ணே கழட்டிட்டீங்க?"ன்னு. "தம்பி, நீங்க இதப் போட்டுக்கிட்டு பத்து பாண்டு கலவையை மாடிக்கு ஏத்திட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்"னார். ஏத்தல, ஆனா வெறுமனே போட்டுக்கிட்டு மூணு மாடி ஏறினேன். உள்பக்கம் வியர்வையில நனைஞ்சு முகத்தோட ஒட்டிக்கிச்சு. நனைஞ்ச மாஸ்க்ல மூச்சு இழுக்கிறது கஷ்டம், கஷ்டப்பட்டு இழுத்தா ஓரத்துல இருந்துதான் காத்து வரும். அப்போ அது கழுத்துல தொங்கினாலும் மூக்குல இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. அதனால மாஸ்க் வேணும்கிற வேலையைக் காலைல வெயில் ஏறதுக்குள்ள வைக்கணும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல மாஸ்க் கொடுக்கணும், நிழல்ல உக்காந்து கழட்டித் துடைக்க இடம் வேணும். மாஸ்க் திட்டம்னு எழுத ஆரம்பிச்சா அது தானா வெயில் திட்டமா மாறிடுது.

வெயிலை வானிலை ஆப்ல பார்க்கிற டிகிரியால மட்டும் எடை போட முடியாது. உடம்பு சூட்டை வெளியேத்துறது வியர்வை ஆவியாகறதால. அதனால ஈரப்பதமும் நேரடி வெயிலும் சேர்ந்த ஒரு குறியீடு வச்சிருக்காங்க.

WBGT = 0.7 Tw + 0.2 Tg + 0.1 Ta

Tw ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர், Tg கறுப்பு உருண்டைக்குள்ள வச்ச தெர்மாமீட்டர், Ta சாதாரண காற்று வெப்பம். திருச்சியில ஒரு மே மாச மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில Tw 27, Tg 50, Ta 39-ன்னு வச்சுக்குவோம். 18.9 + 10 + 3.9 = 32.8. பழகின உடம்பு நடுத்தர உழைப்பைத் தொடர்ந்து செய்ய உலகம் முழுக்கப் பயன்படுத்துற ஒரு அட்டவணை சொல்ற வரம்பு 28. ஒரு மணி நேரத்துல கால் மணி நேரம் மட்டும் வேலை, முக்கால் மணி நேரம் ஓய்வுன்னாக்கூட 31.5 தான். 32.8-ல எவ்வளவு பிரேக் கொடுத்தாலும் கணக்கு ஒத்து வராது. அந்த நேரத்துல மொட்டை மாடி வேலையே இருக்கக் கூடாது. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு பதினொண்ணுக்கு மேல கீழ்த்தள உள்வேலைக்கு இறங்கிடணும், மிச்சத்தை மூணரைக்கு மேல எடுக்கணும்.

நிழல்னாலும் எல்லா நிழலும் ஒண்ணு இல்ல. நிழல்ல Ta-வை விட்டுட்டு 0.7 Tw + 0.3 Tg-ன்னு போடுவாங்க. கீற்றுப் பந்தல் அடியில Tw 26, Tg 39-ன்னா 29.9. அதையே தகர ஷெட் அடியில போடுங்க. தகரம் கொதிச்சுக் கீழ இருக்கிறவங்க தலைமேல வெப்பத்தை அனுப்பும், Tg 44 வரைக்கும் போச்சுன்னா 31.4. நிழல் கொடுத்த பலன்ல பாதியைத் தகரமே எடுத்துக்கிச்சு. சைட்ல ஓய்வு இடம்னு சொல்லி சிமெண்ட் மூட்டை அடுக்கின தகர ஷெட்டைக் காட்டுவாங்க, காத்து வராது, தூசி வேற. நாலு சவுக்குக் கட்டை, மேல கீற்று, நாலு பக்கமும் திறந்து, தலைக்கு மேல ஒரு முழம் உயரமா இருந்தா போதும். கீற்றுக்கு நெருப்பு ஆகாது, அதனால வெல்டிங்ல இருந்தும் டீ அடுப்புல இருந்தும் தள்ளிப் போடணும்.

தண்ணிக்கு வருவோம். வெயில்ல உழைக்கிறவருக்கு இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், 240 மில்லி. மணிக்கு 720 மில்லி, எட்டு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 5.8 லிட்டர். பன்னெண்டு பேருக்கு 70 லிட்டர். இருபது லிட்டர் கேன்ல நாலு. அந்த சைட்ல தினம் வந்தது ரெண்டு கேன், அதுவும் கீழ்த்தளத்துல வாட்ச்மேன் ரூம்ல. ஒரு கேன் நாப்பது ரூபாய்னு வச்சாலும் கூடுதல் செலவு எண்பது ரூபாய். ஒரு சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்துலகூட வராத தொகை. தண்ணி பத்தாததுக்குக் காசு காரணம் இல்ல, தூரம்தான் காரணம். ரெண்டாவது மாடியில சாரத்துல நிக்கிறவர் ஒரு டம்ளருக்காக இறங்கி ஏற மாட்டார். மதியம் சேர்த்து ஒரு லிட்டர் குடிப்பார், அதுக்குள்ள உடம்பு காஞ்சிருக்கும். ஒவ்வொரு தளத்துலயும் நிழல்ல ஒரு மண்பானை வச்சா போதும். பானையில கசியிற தண்ணி ஆவியாகி உள்ள இருக்கிறதைக் குளிர வைக்கும். திருச்சி மாதிரி வறண்ட வெயில்ல நல்லா குளிரும், சென்னைக் கடற்கரைப் பக்கம் அவ்வளவு குளிராது, ஆனாலும் கொதிக்கிற பிளாஸ்டிக் கேனுக்கு எவ்வளவோ மேல். மதியத்துக்கு மேல உப்பு போட்ட நீர்மோர் கொடுத்தா வியர்வையில போன உப்பும் திரும்பும். மணிக்கு ஒண்ணரை லிட்டருக்கு மேல வெறும் தண்ணி மட்டும் குடிக்கவும் கூடாது, ரத்தத்துல உப்பு குறைஞ்சுடும்.

இதுக்கும் மேல ஒரு தடை இருக்கு. ஒரு சித்தாள் அக்கா காலைல இருந்து தண்ணியே குடிக்கலன்னு கவனிச்சுக் கேட்டேன். "குடிச்சா போகணும்ல தம்பி, எங்க போறது?"ன்னாங்க. ஆம்பளைங்க பக்கத்து காலி மனைக்குப் போயிடுவாங்க. அவங்களுக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனாதான். கழிப்பறை இல்லாத சைட்ல நாலு கேன் இல்ல, நாப்பது கேன் வச்சாலும் பெண்கள் குடிக்க மாட்டாங்க. அதோட விலை சிறுநீர்த் தொற்று, நாளாவட்டத்துல சிறுநீரகம். 1996-ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் அடுத்தடுத்த பிரிவுகள்ல வச்சது. தண்ணி வைக்கிற இடத்துல தொழிலாளர்களுக்குப் புரியிற மொழியில "குடிநீர்"னு எழுதணும், கழிப்பறையில இருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்கணும்னும் அதுல இருந்தது. வடநாட்டுத் தம்பிங்க இருக்கிற சைட்ல அந்த எழுத்து இந்தியிலயோ ஒடியாவிலயோகூட இருக்கணும். இல்லன்னா க்யூரிங் டிரம் தண்ணியைக் குடிக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன்.

பிரேக் விஷயத்துல கசப்பான ஒண்ணு இருக்கு. நாள் சம்பள ஆளுக்கு பத்து நிமிஷம் உக்காந்தா காசு போகாது. பூச்சு வேலை சதுர அடிக்கு, எலெக்ட்ரிகல் பாயிண்ட்டுக்கு, டைல்ஸ் சதுர அடிக்குக் கூலி. அவங்களுக்கு நிழல்ல உக்காருற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். "ரெஸ்ட் எடுங்கண்ணே"ன்னு சொல்றது அவர் காசை விட்டுக்கொடுக்கச் சொல்றதுதான். ரேட் பேசும்போதே கோடை மாசத்துக்கு ஓய்வைச் சேர்த்து ரேட் போட்டாதான் அது நடக்கும். சூப்பர்வைசர் விசில் அடிச்சா எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கணும். அவரவர் இஷ்டம்னு விட்டா முதல்ல இறங்குறவனுக்கு சோம்பேறிப் பேர் வரும், அதுக்குப் பயந்தே யாரும் இறங்க மாட்டாங்க.

இன்னொண்ணு, புது ஆள். சித்திரைத் திருவிழாவுக்கு ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தவரும், ரயில்ல ரெண்டு நாள் உக்காந்து வந்து மறுநாள் காலைலயே வேலைக்கு நிக்கிற தம்பியும் ஒண்ணுதான்: உடம்பு வெயிலை மறந்திருக்கும். வெயிலால சாகறவங்கள்ல பெரும் பங்கு வேலைக்கு வந்த முதல் சில நாள்லயே. முதல்முறை வர்றவருக்கு முதல் நாள் வெயில் வேலை அஞ்சுல ஒரு பங்கு, தினம் ஒரு பங்கா ஏத்திக்கிட்டுப் போகணும். முதல் நாள்லயே தன் பலத்தைக் காட்டணும்னு பாண்டு தூக்குற பையன் மேலதான் கண்ணு இருக்கணும்.

வெப்பத் தாக்கு வந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வியர்வை நின்னுடும்னு பாடத்துல படிச்சிருப்போம். உழைக்கும்போது வர்றதுல வியர்வை கொட்டிக்கிட்டே இருக்கலாம். நம்ப வேண்டிய அடையாளம் பேச்சு. குழறும், சம்பந்தமில்லாம பதில் வரும், தள்ளாடும், காரணமில்லாம கோபப்படும். "காலைலயே ஊத்திட்டான் போல"ன்னு சிரிச்சுட்டு ஒரு ஓரமா படுக்க வைப்பாங்க. அந்த ஒரு நினைப்பு ஆளைக் கொன்னுடும். பேரு, இன்னைக்கு என்ன கிழமைன்னு கேளுங்க. பதில் தடுமாறினா உடனே நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், சட்டையைத் தளர்த்தி, க்யூரிங் ஹோஸை எடுத்து தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணி விடுங்க, விசிறுங்க, ஐஸ் கிடைச்சா கழுத்துலயும் அக்குள்லயும் வைங்க. ஒருத்தர் இதைச் செய்ய இன்னொருத்தர் 108-க்கு அடிக்கணும். ஆம்புலன்ஸ் வந்த பிறகு குளிர்விக்கலாம்னு காத்திருக்கக் கூடாது. சுய நினைவு தடுமாறுறவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்.

அந்த சைட்ல கடைசி ரெண்டு வாரம் நடந்தது சின்ன மாற்றம்தான். கிரைண்டர் வேலை காலைல ஆறரையில இருந்து ஒன்பது வரைக்கும், ஜன்னல் சாக்கை எடுத்துட்டு காத்து உள்ள வர்ற பக்கம் ஆளை நிக்க வச்சு. அறுத்த அறைக்குள்ள மதியம் வரைக்கும் யாரும் போகக் கூடாது, கூட்டுறது தண்ணி தெளிச்சு. மாடிக்கு ஒரு பானை. கழிப்பறைக்கு, முடியாத கீழ்த்தள பாத்ரூமுக்கு வீட்டுக்காரர் ஒரு தற்காலிகக் கதவு போட்டுக் கொடுத்தார். மூணாவது நாள்ல இருந்து அந்த அக்கா பானைப் பக்கம் வந்தாங்க. பதினோரு மணிக்கு மாஸ்க் கழுத்துல தொங்கறது மட்டும் மாறல. ஆனா அந்த நேரத்துல அங்க அறுக்கிற வேலை எதுவும் இல்ல.